ஸ்கேபிஸ்: சொறியா, சிரங்கா?

லத்தீனில் 'ஸ்காபெரே' என்றால் சொறிதல். தோலைக் குடையும் சிற்றுண்ணியால் வரும் அரிப்பு நோய்க்கு அதிலிருந்து வந்த பெயர்தான் ஸ்கேபிஸ். தமிழிலும் சொறிதல் என்ற வினையிலிருந்தே 'சொறி' பிறந்தது. இரண்டு மொழிகளும் ஒரே வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கின்றன.

நாமோ பேச்சில் 'சிரங்கு' என்கிறோம். சிரங்கு என்றதும் மனதில் வருவது சீழ் கட்டி, பொருக்குத் தட்டிய புண். அது பெரும்பாலும் சொறிந்து சொறிந்து கிருமி ஏறிய பிறகு வருவது. சிரங்குப் படங்களோடு தன் கையை ஒப்பிடுகிறவர், "எனக்குச் சீழே இல்லையே" என்று விட்டுவிடுகிறார். அதனால் ஸ்கேபிஸுக்கு நேர் சொல் 'சொறி' என்றே நான் எழுதுவேன். இரண்டும் சேர்ந்த நிலைக்குச் 'சொறிசிரங்கு' பொருந்தும்.

விடுதியில் படிக்கும் அக்கா மகன் போன மாதம் கையைப் படமெடுத்து அனுப்பினான். விரல் இடுக்குகளில் கடுகளவு பொரிப்பொரியாக இருந்தது. நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. கருத்த புள்ளிகளாகவே தெரியும். படத்தைப் பெரிதாக்கியபோது மணிக்கட்டில், பென்சிலால் லேசாகக் கிறுக்கியதுபோல் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வளைந்த சாம்பல் கோடு ஒன்று. அதுதான் அடையாளம்.

அந்தக் கோட்டை 'வளை' என்று சொல்லலாம். எலி வளை, நண்டு வளை என்கிறோமே, அதே சொல். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் சிற்றுண்ணி மேல்தோலைக் குடைந்து, முட்டையிட்டபடி போகும் வழி அது. கோடு தெளியாவிட்டால் மருத்துவர்கள் அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட்டால் துடைப்பதுண்டு. மேலே உள்ள மை போய்விடும், வளைக்குள் இறங்கியது கோடாக நிற்கும். ஆனால் சொறிந்ததில் வளை சிதைந்துபோவதும் உண்டு. படத்தில் கோடு இல்லை என்பதற்காகச் சொறி இல்லை என்று சொல்ல முடியாது.

அப்போது கேட்க வேண்டியது அரிப்பைப் பற்றி. "ராத்திரி படுத்தா தூங்கவே முடியல சித்தி, ரூம்ல இன்னொருத்தனுக்கும் இருக்கு" என்றான். இந்த இரண்டையும் எந்தப் படமும் காட்டாது. உண்ணிக்கும் அதன் கழிவுக்கும் உடல் காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் முறை தொற்றும்போது அது தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் படுப்பவருக்கும் ஒட்டியிருக்கும்.

மருத்துவர் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதிக்கொடுத்தார். இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கும் நக ஓரமும் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி. அறையில் இருந்த நால்வரும் ஒரே இரவில் பூசினார்கள். அரிப்பு அடங்க மூன்று வாரம் பிடித்தது. உண்ணி செத்த பிறகும் ஒவ்வாமை சில வாரம் இருக்கும் என்பதால், மருந்து பலிக்கவில்லை என்று அவன் இடையில் பயந்ததில் வியப்பில்லை.