வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதம் என்னிடம் வந்தது. இந்த வருடத்தில் அது நான்காவது. காப்புறுதி முதிர்வுப் பணம் எட்டு மாதம் தாமதமாக வந்திருக்கிறது, அதற்கு வட்டி வேண்டும், மன உளைச்சலுக்கு ஒரு இலட்சம் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. டவுனில் யாரோ டைப் செய்து கொடுத்து முந்நூறு ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கம்பனி இரண்டே வரியில் 'கருத்தில் கொள்ள இயலாது' என்று பதில் போட்டுவிட்டது. கடிதத்தைப் பார்த்தேன். பொலிசி இலக்கம் இல்லை. ஆவணங்களைக் கொடுத்த தேதியும் இல்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

பத்தொன்பது வருடம் ஒரு காப்புறுதிக் கிளையில், உரிமைக்கோரல் மேசையில் உட்கார்ந்தவன் நான். இப்போது ஓய்வு. அந்த மேசைக்கு வந்த கடிதங்களில் எது அசைந்தது, எது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சலோடு எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கொண்டுவந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. இருபது வருடம் தவணை கட்டியிருக்கிறார். பொலிசி முதிர்ந்தது 2023 மார்ச் 15. போனஸ் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்துக் கைக்கு வர வேண்டியது 412,000 ரூபாய். பணம் கணக்கில் விழுந்தது நவம்பர் 20. மார்ச் 15 இலிருந்து எண்ணினால் 250 நாள். டைப் செய்தவர் 250 நாளுக்கும் வட்டி கேட்டிருந்தார்.

"எந்தத் தேதியில ஒரிஜினல் பொலிசிய கம்பனியில குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"மார்ச்சிலேயே குடுத்துட்டேனே சேர். ஏஜன்ட் தம்பிகிட்ட, பஸ் ஸ்டாண்டுல வச்சு."

இதைத்தான் நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன் போல. ஏஜன்டிடம் கொடுப்பது வேறு, கம்பனியில் கொடுப்பது வேறு. அந்தத் தம்பி நல்லவர்தான். இருபது வருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, பாரம் நிரப்பியவரின் மகன். ஆனால் அவருடைய பைக்குள் உங்கள் பொலிசி எத்தனை நாள் கிடந்தது என்று கம்பனியின் கணினிக்குத் தெரியாது. கணினிக்குத் தெரிவது கிளையில் சீல் விழுந்த தேதி மட்டும். ஏஜன்ட் கம்பனியின் ஆள், அவர் கையில் போனால் கம்பனியின் கையில் போனதுதான் என்று வாதிடலாம். வாதம் நியாயமானதும்கூட. ஆனால் அந்த வாதத்தைக் கவுண்டரில் நின்று ஜெயிக்க முடியாது. 'எங்களுக்கு வந்தது மே மாதம்' என்று அவர்கள் ஒரு சீலைக் காட்டுவார்கள். உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. இந்த அக்காவின் பொலிசியும் பாரமும் கிளைக்குள் நுழைந்தது மே 2. அதுவரை எங்கே இருந்தது என்று ஏஜன்ட் தம்பிக்கும் நினைவில்லை.

மே 2 அன்று சரியாகப் போயிருந்தாலாவது பரவாயில்லை. பெயர்ப் பிரச்சினை. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், பொலிசியில் பின்னால், அதோடு ஒரு எழுத்தும் வேறு. மலையகத்தில் இது இல்லாத கோப்பு ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறப்புப் பதிவில் ஒன்று, தோட்டத்துச் செக்ரோலில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. தவணை வாங்கிய இருபது வருடமும் கம்பனிக்கு இது கண்ணில் படவில்லை. பணம் கொடுக்கும் நாளில் மட்டும் கண் திறக்கிறது. சரி, அதற்குச் சத்தியக்கடதாசி கேட்டுக் கம்பனி கடிதம் போட்டது. கடிதம் லயத்துக்கு வரவில்லை, தோட்டக் கந்தோருக்கு வந்தது. லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாத இடங்களில் முழு டிவிசனின் தபாலும் கந்தோரில்தான் விழும். அங்கே ஐந்து வாரம் கிடந்தது. கடைசியில் சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி, சத்தியக்கடதாசியை அக்கா தானே ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஜூலை 3.

அன்றைக்கு ஒரு புத்திசாலித்தனம் செய்திருக்கிறார். போட்டோ பிரதியில் கிளையின் சீலைக் குத்தி வாங்கி வைத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். முன்னால் நின்ற ஒரு பெரியவர் அப்படிச் செய்வதைப் பார்த்தாராம். முந்நூறு ரூபாய்க் கடிதத்தைவிட அந்தச் சீல் விழுந்த தாள்தான் பெறுமதியானது.

ஏனென்றால் தாமத வட்டி முதிர்வுத் தேதியிலிருந்து தானாக ஓடுவதில்லை. முதிர்வுத் தேதிக்குப் பிறகு, கேட்ட ஆவணமெல்லாம் கம்பனியின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் 'இனித் தாமதம் உங்களுடையது' என்று நாம் சொல்ல முடியும். அதற்கு முந்தைய நாட்களையும் சேர்த்துக் கேட்டால், கம்பனி அந்த நாட்களைக் காட்டி முழுக் கோரிக்கையையும் தள்ளிவிடுகிறது. இந்த அக்காவுக்கு நடந்ததும் அதுதான்.

இப்போது கணக்கு. ஜூலை 3 இலிருந்து நவம்பர் 20 வரை 140 நாள். வீதத்தை எங்கிருந்து எடுப்பது? முதலில் பொலிசியின் பின்பக்க நிபந்தனைகளைப் பாருங்கள், தாமத வட்டி பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதுதான் முதல் பிடி. அக்காவின் பொலிசியில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் வீதம் இல்லாதபோது பண வழக்குகளில் நீதிமன்றம் பார்ப்பது சட்ட வட்டி வீதம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 192ஆம் பிரிவில் வருவது இது. ஒவ்வொரு ஆண்டுக்குமான வீதத்தை மத்திய வங்கி தீர்மானித்து வர்த்தமானியில் வெளியிடுகிறது. உங்கள் தாமதம் எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் வீதத்தை எடுங்கள். இங்கே கணக்கு எளிதாக இருக்க 8 வீதம் என்று வைத்துக்கொள்கிறேன். 412,000 ஐ 0.08 ஆல் பெருக்கி, 140 ஆல் பெருக்கி, 365 ஆல் பிரித்தால் 12,642 ரூபாய். டைப் செய்தவர் கணக்கில் 250 நாளுக்கு 22,575 வரும். வித்தியாசம் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பத்தாயிரத்தைக் கேட்கப்போய், கிடைக்க வேண்டிய பன்னிரண்டாயிரமும் போகப் பார்த்தது.

கணக்கு எந்தத் தொகையின் மேல் என்பதையும் பாருங்கள். பொலிசியை வைத்துக் கடன் வாங்கியிருந்தால், கடனும் அதன் வட்டியும் போக மிஞ்சுவதன் மேல்தான் தாமத வட்டி. முழுத் தொகையின் மேல் போட்டு அனுப்பினால் கம்பனிக்கு இன்னொரு காரணம் கிடைக்கும்.

இரண்டாவது கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். மன உளைச்சலை எடுத்துவிட்டேன். அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உளைச்சல் பொய் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கவுண்டரில் அதற்கு விலை இல்லை, அவ்வளவுதான். நடுப்பகுதி இப்படி இருந்தது:

"பொலிசி இலக்கம் ……. முதிர்வுத் தேதி 15.03.2023. நிகர முதிர்வுத் தொகை 412,000 ரூபாய். தாங்கள் கேட்ட இறுதி ஆவணமான சத்தியக்கடதாசியை 03.07.2023 அன்று ஹட்டன் கிளையில் ஒப்படைத்தேன். சீல் இடப்பட்ட பிரதி இணைப்பு 1. தொகை எனது கணக்கில் வரவு வைக்கப்பட்டது 20.11.2023, வங்கிப் புத்தகப் பிரதி இணைப்பு 2. இடைப்பட்ட 140 நாட்களில் என்னிடம் வேறெந்த ஆவணமும் கேட்கப்படவில்லை. இந்நாட்களுக்குரிய வட்டியைச் சட்ட வட்டி வீதத்தின்படி செலுத்துமாறும், இயலாதெனின் தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

'வேறெந்த ஆவணமும் கேட்கப்படவில்லை' என்ற வரிதான் இதில் கனமானது. கம்பனிகளில் ஒரு பழக்கம் உண்டு, நானும் செய்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடவையில் ஒரு ஆவணம் கேட்பது. முதலில் அடையாள அட்டை, மூன்று வாரம் கழித்து வங்கிப் புத்தகம், அப்புறம் சத்தியக்கடதாசி. ஒவ்வொரு தடவையும் கடிகாரம் திரும்பத் தொடங்கும். ஆகவே முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்: 'தேவையான எல்லா ஆவணங்களின் பட்டியலையும் ஒரே கடிதத்தில் தாருங்கள்.' அந்தப் பட்டியலுக்கு வெளியே பிறகு ஒன்றைக் கேட்டால், அந்தத் தாமதம் யாருடையது என்று சண்டை போட உங்களுக்கு இடம் இருக்கும்.

அடுத்தது கையெழுத்து. பணம் தருவதற்கு முன் ஒரு விடுவிப்புப் பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 'முழுமையும் இறுதியுமான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று அதில் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வட்டி கேட்டால், அந்தப் பாரத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பாரத்திலேயே 'தாமத வட்டிக்கான உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாரத்தில் எழுத விடாவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே நாளில், அதே வாசகத்தைத் தனிக் கடிதமாகக் கொடுத்துச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை வேண்டாமென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தயவுசெய்து விலாசத்தையும் மாற்றுங்கள். தோட்டக் கந்தோர் விலாசம் இருக்கட்டும், அதோடு டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் விலாசத்தையும் கைபேசி இலக்கத்தையும் எழுத்தில் கொடுத்துச் சீல் வாங்குங்கள். முதிர்வுக்கு ஆறு மாதம் முன்பே பெயரையும் சரி பார்த்துச் சத்தியக்கடதாசியை முடித்து வையுங்கள். கிளைக்குப் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பொலிசிப் பிரதியோடு பின் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண தபாலில் முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

கம்பனி மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் இருந்தால்தான் அடுத்த படி. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் தனிநபர்கள் முறைப்பாடு செய்யலாம், கட்டணம் இல்லை, ஆனால் முதலில் கம்பனியிடம் கேட்டிருக்க வேண்டும். அதற்கும் மேலே நீதிமன்றம். எழுத்திலான ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட ஆறு வருடம்தான். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் அந்த ஆறு வருடம் நிற்காது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வழக்குப் போடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தொகை பெரிதானால் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

அக்காவின் இரண்டாவது கடிதத்துக்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது. பரிசீலனைக்கென்று 14 நாளைக் கழித்து, 126 நாளுக்கு வட்டி தந்திருந்தார்கள். அந்த 14 நாளுக்கும் இன்னொரு கடிதம் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். காசோலை வந்தது டவுன் கடை விலாசத்துக்கு. கடைக்காரர் அன்று மாலையே போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம்.