டாலர் ஏறினால் சவரன் விலை இறங்குமா?

புதுச்சேரி நேரு வீதியில் சில நகைக்கடைகளுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். கல்யாணத்துக்கு நகை எடுக்க வருகிறவர்கள் அங்கே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "டாலர் ஏறினா தங்கம் இறங்கும்னு செய்தியில சொல்றாங்களே சார், கடையில ஏன் குறையவே மாட்டேங்குது?"

செய்தியில் வருவது ஒரு அவுன்ஸின் டாலர் விலை. ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம். டாலர் வலுக்கும்போது மற்ற நாட்டுக்காரர்களுக்குத் தங்கம் எட்டாமல் போகிறது, கேட்பவர்கள் குறைகிறார்கள், டாலர் விலை பெரும்பாலும் இறங்குகிறது. ஆனால் நம் நாட்டுக்குத் தேவையான தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதிதான். அதற்கு டாலர் வாங்கித்தான் பணம் கட்ட வேண்டும். அந்த டாலரோ இப்போது விலை கூடியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவுன்ஸ் 3,000 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 காரட் சவரனில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். அதன் விலை ஏறக்குறைய 60,080 ரூபாய் வரும். சுங்கவரி 6 சதவீதம் என்றால் 63,680. ஜிஎஸ்டியும் செய்கூலியும் சேதாரமும் தனி. இப்போது தங்கம் 3 சதவீதம் இறங்கி 2,910 டாலர் ஆகிறது, டாலரும் 3 சதவீதம் ஏறி 87.55 ரூபாய் ஆகிறது. சவரன் 63,630. இறங்கியது வெறும் ஐம்பது ரூபாய்! அதுவே டாலர் 89 ரூபாய்க்குப் போயிருந்தால் சவரன் சுமார் 64,680. உலகச் சந்தையில் இறங்கிய அதே தங்கம் இங்கே ஆயிரம் ரூபாய் கூடிவிடும்.

பிள்ளை துபாயில் இருக்கிற கடலூர்க் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு வேறு. திர்ஹாமை டாலரோடு கட்டி வைத்திருக்கிறார்கள், ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். ரூபாய் விழுந்தால் அவர் அனுப்பும் பணம் இங்கே அதே அளவு கூடுதலாக வந்து சேரும், அதனால் டாலர் விலை இறங்கிய லாபம் அவருக்கு முழுதாகக் கிடைக்கிறது. பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு அப்படி இல்லை. 2022இல் யூரோவே டாலருக்குச் சமமாக விழுந்தது. அந்த மாதிரி சமயத்தில் ரூபாயில் சம்பாதிப்பவர்களைப் போலத்தான் அவர்களும்.

டாலர் ஏறினால் தங்கம் இறங்கியே தீரும் என்றும் நம்பிவிடாதீர்கள். 2024இல் இரண்டும் சேர்ந்தே ஏறின. மத்திய வங்கிகள் அந்த ஆண்டு ஏராளமாகத் தங்கம் வாங்கின.

ஆகவே "இறங்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்று காத்திருப்பவர்கள் அவுன்ஸ் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அது எத்தனை சதவீதம் மாறியது, டாலரின் ரூபாய் மதிப்பு எத்தனை சதவீதம் மாறியது என்று இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். வரி மாறாதவரை சவரன் விலை ஏறக்குறைய அந்த அளவுதான் நகரும். முகூர்த்தம் நெருங்கிவிட்டால், முன்பணம் கட்டி அன்றைய விலையைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கடையில் கேளுங்கள். எத்தனை நாள் செல்லும், விலை இறங்கினால் எந்த விலை போடுவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.