சீழே இல்லாத கட்டிக்கு ஏன் ‘சீழ்க்கட்டி’ என்று பெயர்?

தோலிலோ ஈறிலோ திடீரென்று எழும்பி எளிதில் இரத்தம் கசியும் சிவப்பு முளையான பயோஜெனிக் கிரானுலோமாவைத் தமிழில் எழுதுகிறவர்கள் ‘சீழ்க்கட்டி’ என்றோ ‘சீழ் உண்டாக்கும் குருணைக்கட்டி’ என்றோ போடுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அதில் சீழும் இல்லை, குருணையும் இல்லை.

சொல் வந்த வழி சுருக்கமானது. கிரேக்கத்தில் ‘பயோன்’ என்றால் சீழ், ‘ஜென்’ என்றால் உண்டாக்குவது. லத்தீனில் ‘கிரானுலம்’ என்றால் சிறு மணி, கடைசியில் வரும் ‘ஓமா’ கட்டியைக் குறிக்கும். 1897இல் போன்செ, டோர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தபோது கிருமித் தொற்றுதான் காரணம் என்று நினைத்தார்கள். 1904இல் ஹார்ட்செல் வைத்த பெயரிலும் அந்த எண்ணமே தொடர்ந்தது. பிறகு நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துத் தெளிந்த விஷயம் வேறு: இது மெல்லிய இரத்த நுண்நாளங்கள் கொத்துக்கொத்தாகப் பெருகி உண்டாகும் கட்டி. கிரானுலோமா என்று நோய்க்குறியியல் சொல்லும் உயிரணுக் கூட்டம், அதாவது காசநோயில் காண்பது போன்றது, இதில் கிடையாது. அதனால்தான் 1980 முதல் ‘லோபுலர் கேப்பிலரி ஹெமாஞ்சியோமா’, அதாவது மடல்மடலாக அமைந்த நுண்நாளக் கட்டி, என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பழைய பெயர் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சரி. புதிதாகப் பெயர் வைக்கும் நமக்கு அந்தப் பழைய தவறைச் சுமக்க என்ன கட்டாயம்?

‘மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும்’ என்று சிலர் வாதாடுகிறார்கள். மூலமே தவறு என்று துறையே சொல்லும்போது உண்மை எதற்கு, சொல்லுக்கா, பொருளுக்கா? தமிழில் சீழ்க்கட்டி என்றால் படிக்கிறவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு விரலில் முள் குத்துகிறது. காயம் ஆறியதாகத் தோன்றிய ஓரிரு வாரத்தில் அதே இடத்தில் பட்டாணி அளவு, பளபளப்பான சிவப்பு முளை ஒன்று எழும்புகிறது, அடியில் தோல் வளையம்போல உரிந்திருக்கிறது. பெரிதாக வலியில்லை, ஆனால் துணி உரசினாலே இரத்தம் கொட்டுகிறது. சீழ்க்கட்டி என்று படித்தவர் அதைப் பிதுக்குவார், பழுக்கட்டும் என்று காத்திருப்பார், கிருமிக்கொல்லி மாத்திரை விழுங்குவார். பழுக்க அதில் ஒன்றும் இல்லை. பிதுக்கினால் வருவது இரத்தம்தான். சுத்தமான துணியை வைத்து இடையில் எடுத்துப் பார்க்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நிற்கும், ஆனால் கட்டி போகாது. பொதுவாக மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்து அடியைச் சுடுவார், அல்லது வெட்டி எடுப்பார். அடியில் மிச்சம் இருந்தால் மறுபடி முளைக்கும். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவதும் முக்கியம், ஏனென்றால் நிறமி இல்லாத மெலனோமா என்ற தோல் புற்றுநோய் சில சமயம் அப்படியே இதைப்போலத் தோன்றும்.

‘இரத்தக்கட்டி’ என்று இன்னொரு தரப்பு. இது சீழைவிடப் பரவாயில்லை, ஆனாலும் ஏற்க முடியவில்லை. இரத்தம் கட்டிக்கொள்வதற்கும் உறைந்த கட்டிக்கும் அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. அடிபட்டு இரத்தம் கன்றிய இடம் என்றே பலர் புரிந்துகொள்வார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், கர்ப்ப காலத்தில் ஈறில் வரும் இதே கட்டியை ‘கர்ப்பப் புற்று’ என்று எழுதுவது. ஆங்கிலத்தில் ‘பிரெக்னன்சி டியூமர்’ என்கிறார்கள் என்பதற்காக டியூமர் எல்லாம் புற்றாகிவிடுமா? இயக்குநீர் மாற்றத்தோடு, பல் இடுக்கில் படியும் அழுக்கின் உறுத்தலும் சேர்ந்து ஈறில் எழும் முளை இது. புற்று இல்லை. பல் துலக்கும்போது இரத்தம் வரும், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும், அதனால் தொந்தரவு இல்லையென்றால் அதுவரை விட்டுவைப்பதும் உண்டு. அதைப் போய்ப் புற்று என்று ஒரு கர்ப்பிணி படித்தால் அவர் படும் பாட்டை மொழிபெயர்ப்பாளர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

என் தேர்வு ‘குருதிநாளச் செம்முளை’, பேச்சில் ‘செம்முளை’ போதும். ‘முளை’ நமக்குப் புதிதல்ல, மூலநோயில் முளை என்றுதான் சொல்கிறோம். திடீரென்று கிளம்பி வளர்வதை அது காட்டுகிறது, ‘செம்’ நிறத்தைச் சொல்கிறது, ‘குருதிநாளம்’ எதனால் ஆனது என்பதைச் சொல்கிறது. செம்மரு என்று ஒருவர் முன்வைத்தார், ஆனால் மரு வைரஸால் வருவது, பரவக்கூடியது, இது பரவாது. ‘நுண்நாள மடற்கட்டி’ என்ற தூய வடிவமும் பார்த்தேன். அதில் பிழை இல்லை, நோயாளிக்கு எதுவும் விளங்காது என்பதுதான் குறை. மருத்துவ அறிக்கையில் எப்படியும் பயோஜெனிக் கிரானுலோமா என்றே இருக்கும், ஆகவே கட்டுரையில் முதல் தடவை அதையும் பக்கத்தில் எழுதிவிட்டு, அப்புறம் செம்முளை என்றே தொடரலாம்.