சொந்த மாட்டுப் பால் லீற்றர் எவ்வளவு முடிகிறது?

சித்தாண்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அக்கா பால் தேத்தண்ணீர் தந்துவிட்டு, "கடைப் பால்மா விலைக்கு ஆர் டொக்டர் வாங்குறது? எங்கட பால் லீற்றர் அம்பது ரூபாதான் முடியுது" என்றார். எப்படி என்று கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கிலோ தவிடு, ஒரு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு, இருநூறு ரூபா. கறப்பது நான்கு லீற்றர். "புல்லுக்குக் காசா குடுக்கிறன்?"

கால்நடை வைத்தியராக நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கணக்கு. கறக்கிற நாளின் செலவு மட்டும் அதில் இருக்கிறது. மாடு கறக்காத நாளிலும் தின்கிறதே!

சரி, முதலில் கடைப் பால்மாவையும் பால்காரரின் பாலையும் பார்ப்போம். அந்த ஊர்க் கடையில் அன்று 400 கிராம் பால்மா 1,050 ரூபா. பாலின் கெட்டியோடு ஒரு லீற்றர் கரைக்க ஏறத்தாழ 130 கிராம் மா வேண்டும். ஆக ஒரு பைக்கற்றில் மூன்று லீற்றர், லீற்றர் 350 ரூபா. தேத்தண்ணீருக்கு ஒரு கரண்டி போட்டுவிட்டு "பைக்கற் நெடுநாள் வருது" என்று சொல்வதுண்டு. அங்கே பால் குறைகிறதே தவிர விலை குறையவில்லை.

சைக்கிளில் வரும் பால்காரர் போத்தல் 150 ரூபாவுக்குக் கொடுக்கிறார். போத்தல் என்பது 750 மில்லிலீற்றர். லீற்றருக்கு மாற்றினால் 200. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால், உள்ளே இருக்கிற பாலுக்கு நீங்கள் கொடுப்பது 250. பால்மானியை விட்டுப் பார்த்தால் தண்ணீர் கலந்த பாலில் அது வழக்கத்தைவிடத் தாழ்ந்து அமிழும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்த பாலில் அளவு சரியாகவே காட்டும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது.

இப்போது அக்காவின் மாடு. ஒரு கன்றிலிருந்து அடுத்த கன்றுவரை கணக்குப் பார்க்க வேண்டும். அவருடைய கலப்பின மாட்டுக்கு அந்த இடைவெளி 450 நாள். அதில் கறந்தது 270 நாள், கன்று குடித்தது போகச் சராசரி நான்கு லீற்றர், மொத்தம் 1,080 லீற்றர். கறந்த நாளுக்குத் தவிடும் புண்ணாக்கும் 54,000 ரூபா. பால் வற்றிய 180 நாளுக்குப் பாதித் தீன், 18,000. கோடையில் புல் கருகிய நான்கு மாதத்துக்கு வைக்கோல் ஐம்பது கட்டு, கட்டு 250 வீதம் 12,500. தாதுப்பு, மருந்து, சினை ஊசிக்குப் போய்வந்த செலவு 8,000. கூட்டினால் 92,500. லீற்றருக்கு 86 ரூபா.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்: "புல்லு வெட்டுற நேரத்தையும் போடணுமா?"

போட வேண்டும். வாய்க்கால் கரையில் புல் வெட்டிச் சுமந்து, கொட்டில் கூட்டி, கறப்பதற்கு அவருக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம். அங்கே கூலி மணிக்கு 200 ரூபா என்று வைத்தால் 450 நாளில் 1,80,000. லீற்றர் 252 ரூபாவாகிவிடுகிறது, பால்காரரின் விலையைவிடக் கூட. அந்த நேரத்தில் வேறு கூலி வேலை கிடைக்காத வீட்டுக்கு 86 தான் உண்மையான விலை; கிடைக்கிற வீட்டுக்கு 252. இரண்டில் எது தன் விலை என்பதை அந்தந்த வீடுதான் அறியும். கன்றின் மதிப்பை நான் இதில் கழிக்கவில்லை. கிடாரிக் கன்றாக இருந்தால் கணக்கு அவர் பக்கம் நன்றாகவே சாயும்.

எனக்கு உறுத்தியது அந்த 450 நாள்தான். மாட்டின் சினைக்காலம் சுமார் 280 நாள். அப்படியென்றால் கன்று ஈன்று 170 நாள் கழித்துத்தான் சினைப்பட்டிருக்கிறது. நல்ல தீன் இருந்தால் மூன்று மாதத்துக்குள் சினைப்படுத்த முடியும். நடுவில் வந்த வேட்கைகள் தவறிப்போயின. ஒன்று தவறினால் அடுத்தது வர 21 நாள். அந்த 21 நாளும் வற்றிய காலத்தோடு சேர்கிறது: 2,100 ரூபாத் தீனும் 42 மணி நேர வேலையும், ஒரு சொட்டுப் பால் இல்லாமல்.

வேட்கை வந்த மாடு ஓயாமல் கத்தும், பின்பக்கம் கண்ணாடி போல் சளி வடியும், வேறு மாடு மேலே ஏறினால் விலகாமல் நிற்கும். விலகாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஒற்றை மாட்டு வீட்டில் ஏற வேறு மாடு இருக்காது, அதனால் விடியவும் இருட்டவும் போய்ப் பார்க்க வேண்டும்.

வைக்கோலும் அப்படித்தான். மாரி வேளாண்மை அறுவடை முடிந்த கையோடு, வெட்டு மெஷின் கொட்டிவிட்டுப் போனதை வயலில் கொளுத்துமுன் அள்ளி மழை படாமல் அடுக்கினால், கோடையில் கட்டு வாங்கிய 12,500 ரூபாவில் பெரும்பகுதி மிஞ்சும்.

அடுத்த முறை போனபோது கொட்டில் வளையில் ஒரு கலண்டர் தொங்கியது. மாடு கத்திய நாளில் பேனையால் ஒரு புள்ளி, அதிலிருந்து இருபத்தோராம் நாளைச் சுற்றி ஒரு வட்டம்.