‘முடிவு’ எந்த வினையோடு சேரும்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஜூன் மாத நடுவில் காதில் விழக்கூடிய இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிவுக்கு வந்தது’ என்பது ஒன்று. ‘காற்று அடங்கும்வரை கடலுக்குப் போவதில்லை என்ற முடிவுக்கு ஊரார் வந்தனர்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் பெயர்ச்சொல் ஒன்றே, வேற்றுமை உருபு ஒன்றே, வினையும் ஒன்றே. ஆயினும் முதல் வாக்கியத்தில் ஒன்று தீர்ந்துபோகிறது. இரண்டாவதில் சிலர் கூடித் தீர்மானிக்கிறார்கள். வந்தது காலமா, மனிதர்களா என்பதைக் கொண்டுதான் நாம் பொருளைப் பிரித்துக்கொள்கிறோம், அதுவும் பிரித்ததே தெரியாமல்.

ஒரு பெயர்ச்சொல்லைக் கொடுத்து, ‘இதனோடு இயல்பாகச் சேரும் வினைகள் யாவை?’ என்று கேட்டால், விடையைப் பொருளிலிருந்து ஊகித்துப் பெற முடியாது. வழக்கைப் பார்த்துத்தான் தொகுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு முடிவை ‘மேக்’ செய்யலாம், ‘டேக்’ செய்யலாம். பிரிட்டன் ஆங்கிலத்தில் இரண்டும் வழங்குகின்றன. அமெரிக்க ஆங்கிலத்தில் முதலாவதே பெருவழக்கு. புதுச்சேரியில் பள்ளியிலேயே பிரெஞ்சு படிக்கும் மாணவர், ஆங்கில ‘மேக்’கை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘செய்’ என்று பொருள்படும் ‘ஃபேர்’ என்னும் வினையை அங்கே இட்டால் அது பிழையாகும். பிரெஞ்சில் முடிவோடு சேர்வது ‘எடு’ என்று பொருள்படும் ‘ப்ராந்த்ர்’. இத்தொடர்களில் செய்தியின் கனத்தைப் பெயர்ச்சொல்லே சுமக்கிறது. வினை தன் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் கழற்றி வைத்துவிட்டு, காலத்தையும் இடத்தையும் காட்டி, தொடரை வாக்கியமாக்க மட்டும் உதவுகிறது. முடிவு எடுப்பவர் எதையும் கையால் எடுப்பதில்லை.

தமிழ் இலக்கண மரபு இதை வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பல பொருள் தரும் ஒரு சொல்லை இரு வகையாகப் பிரிக்கிறது: வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல், வினைவேறுபடாஅப் பலபொருள் ஒருசொல். ‘மா’ என்னும் சொல் தனித்து நின்றால் மரமா விலங்கா என்று தெரியாது. ‘மா பூத்தது’ என்றதும் மரம் என்று தெளிகிறது. அதாவது பெயரின் பொருளைப் பின்வரும் வினை தெரிந்தெடுக்கிறது. ‘முடிவு’ என்பதும் அப்படிப்பட்ட சொல்தான். அதற்குத் தீர்மானம், இறுதி, விளைவு என்று மூன்று பொருள்களேனும் உண்டு. முடிவு எடுக்கிறோம் என்றால் தீர்மானம். முடிவு கட்டுகிறோம் என்றால் இறுதி. முடிவு வெளியாகிறது என்றால் தேர்வின் விளைவோ தேர்தலின் விளைவோ.

ஆனால் ஒரே பொருளுக்குள்ளும் வினைகள் சமமாக இருப்பதில்லை. ‘முடிவு எடு’, ‘முடிவு செய்’ இரண்டும் தீர்மானத்தையே குறிக்கின்றன. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை எங்கும் வைக்கலாம் என்றே மேலோட்டமாகத் தோன்றும். சோதித்துப் பார்த்தால் அப்படி இல்லை. ‘ஊரார் அவசரமான முடிவை எடுத்தனர்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘அவசரமான முடிவைச் செய்தனர்’ என்றால் தமிழ்க் காது ஏற்பதில்லை. மறுபக்கம், ‘திருவிழாத் தேதியை முடிவு செய்தனர்’ என்பது நல்ல வாக்கியம். ‘தேதியை முடிவு எடுத்தனர்’ என்பது இடறுகிறது, அங்கே ‘தேதி குறித்து’ என்று மாற்றியாக வேண்டும். செயப்பாட்டு வினையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். ‘தேதி முடிவு செய்யப்பட்டது’ என்னும்போது எழுவாய் தேதி. ‘தேதி குறித்து முடிவு எடுக்கப்பட்டது’ என்னும்போது எழுவாய் முடிவு.

இதிலிருந்து தெரிவது, ‘முடிவு செய்’ என்பது ஏறத்தாழ ஒரே வினையாக இறுகிவிட்டது என்பதே. ‘முடிவு’ அங்கே தன் சுதந்திரத்தை இழந்து வினையின் பாதியாகிவிட்டது. அதனால் அடைமொழியையோ ‘ஐ’ உருபையோ அது ஏற்பதில்லை, ஆனால் தனக்கு வெளியே வேறொரு செயப்படுபொருளை ஏற்கிறது. ‘முடிவு எடு’ என்பதிலோ ‘முடிவு’ இன்னும் முழுப் பெயர்ச்சொல்லாகவே நிற்கிறது. அதுவே செயப்படுபொருள் என்பதால் இன்னொன்றுக்கு இடமில்லை. வெறுமே ‘எடு, செய்’ என்று அடுத்தடுத்து அச்சிடும் பட்டியல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதால், வினையோடு பெயர் எந்த உருபில் வருகிறது என்பதையும் பட்டியல் குறித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வினை சில இடங்களில் பங்காளிகளையும் காட்டிக்கொடுக்கும். கடலூர் துறைமுகத்தில் மீனை ஏலம் விடுபவர் ஒருவர், ஏலம் எடுப்பவர் மற்றொருவர், ஏலம் போவது மீன். மூன்று வினைகளும் ‘ஏலம்’ என்பதோடு இயல்பாகச் சேர்வனவே. ஆனால் அவற்றை ஒரே வரிசையில் வைத்தால் விற்பவரும் வாங்குபவரும் கலந்துவிடுவார்கள்.

இனி, இத்தகைய பட்டியலை எப்படித் தொகுப்பது என்று பார்ப்போம். நினைவிலிருந்து எழுதினால் முதல் ஐந்தாறு வினைகள் உடனே வரும், பிறகு மனம் வறண்டுவிடும். ஆகவே செய்திகள், கதைகள், கடிதங்கள் முதலியவற்றைத் திரட்டிய ஒரு தரவகத்தை வைத்துக்கொண்டு, ‘முடிவு’ வரும் ஒவ்வொரு இடத்தையும் அதன் இருபுறமும் உள்ள சில சொற்களோடு வெட்டியெடுத்து வரிசையாக அடுக்குகிறார்கள். தமிழில் முதல் இடறல் இங்கேயே தொடங்குகிறது. ‘முடிவு’ என்ற எழுத்துக்கோவையை மட்டும் தேடினால் ‘முடிவெடுத்தார்’ கிடைக்காது. புணர்ச்சியில் உகரம் கெட்டு இரு சொல்லும் ஒன்றாகிவிட்டன. ‘முடிவை’, ‘முடிவில்’ என்பவையும் தனித்தனிக் கோவைகள். வினையின் பக்கம் பார்த்தால் எடுத்தனர், எடுக்கவில்லை, எடுத்துவிட்டார்கள், எடுக்கப்பட்டது என்று எண்ணற்ற வடிவங்கள் உள்ளன. இவை எல்லாவற்றையும் பிரித்து, ‘முடிவு’, ‘எடு’ என்ற அடிச்சொற்களுக்குக் கொண்டுவந்த பிறகே எண்ணத் தொடங்க வேண்டும்.

வினை எப்போதும் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்று நம்புவதும் தவறு. ‘ஊரார் எடுத்த முடிவு’ என்பதில் வினை பெயரெச்சமாகி முன்னால் வந்துவிட்டது. அருகில் இருப்பதெல்லாம் துணையும் அன்று. ‘கூட்டத்தின் முடிவு தெரிந்ததும் வலையை எடுத்தனர்’ என்ற வாக்கியத்தில் ‘எடு’ சேர்வது வலையோடுதான். அதனால் சொற்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளப்பதைவிட, எந்த வினைக்கு எது செயப்படுபொருள் என்று வாக்கியத்தைப் பகுத்த பிறகு எண்ணுவது நம்பகமானது.

எண்ணிய பிறகும் எண்ணிக்கையை அப்படியே நம்ப முடியாது. கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். 10,00,000 சொற்கள் உள்ள ஒரு தரவகத்தில் ‘முடிவு’ 500 முறை வருகிறது என்போம். ‘இரு’ என்னும் வினை 30,000 முறையும், ‘செய்’ 20,000 முறையும், ‘எடு’ 5,000 முறையும் வருகின்றன. முடிவை அடுத்து ‘இரு’ 15 முறை, ‘செய்’ 120 முறை, ‘எடு’ 150 முறை கிடைத்தன. 15 முறை என்பதைப் பார்த்ததும் ‘இரு’வும் ஒரு துணை என்று தோன்றலாம். ஆனால் அந்த வினை மொத்தச் சொற்களில் நூற்றுக்கு 3. சொற்களைக் குலுக்கிக் கொட்டினாலும் 500 முடிவுகளில் 15 இடங்களில் அது வந்து விழும். எதிர்பார்த்ததே கிடைத்திருப்பதால் அங்கே நட்பு ஏதும் இல்லை. ‘செய்’ 10 முறை எதிர்பார்க்கத்தக்கது, 120 கிடைத்தது, அதாவது 12 மடங்கு. ‘எடு’ எதிர்பார்த்தது 2.5, கிடைத்தது 150, அதாவது 60 மடங்கு.

இந்த மடங்கை அடிப்படையாகக் கொண்ட அளவையை 1990-இல் கென்னத் சர்ச்சும் பாட்ரிக் ஹாங்க்ஸும் அகராதிப் பணிக்கு முன்வைத்தார்கள். அதில் ஒரு குறை உண்டு. அச்சுப்பிழையால் உருவான ஒரு சொல் தரவகம் முழுவதிலும் ஒரே ஒரு முறை வந்து, அந்த ஒரு முறையும் முடிவை அடுத்து நின்றதாக வைத்துக்கொள்வோம். எதிர்பார்ப்பு 0.0005, கிடைத்தது 1, மடங்கு 2,000. பிழைச்சொல் ‘எடு’வை முந்திக்கொண்டு பட்டியலின் தலைக்கு வந்துவிடும். அரிய சொற்கள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பட்டியலைப் பார்த்தால், இந்த அளவையே அதற்குக் காரணம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இதைத் தவிர்க்க, பாவெல் ரிக்லி என்பவர் 2008-இல் வெளியிட்ட ‘லாக்டைஸ்’ என்னும் அளவை இப்போது அகராதிக் கருவிகளில் பரவலாகப் பயன்படுகிறது:

```
14 + log2(2 * fxy / (fx + fy))
```

இங்கே `fxy` இரண்டும் சேர்ந்து வந்த எண்ணிக்கை. `fx`, `fy` தனித்தனி எண்ணிக்கைகள். நம் எண்களை இட்டால் ‘எடு’ 9.8, ‘செய்’ 7.6, பிழைச்சொல் 6.0, ‘இரு’ 4.0 என்று வருகிறது. வரிசை இப்போது காதோடு ஒத்துப்போகிறது.

ஆயினும் தொடக்கத்தில் கண்ட ‘முடிவுக்கு வா’ இந்தக் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் வரும். தடைக்காலமும் ஊராரும் அதற்குள் கலந்திருப்பார்கள். ஆகவே உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு இணைக்கும் வாக்கியங்களைத் திரும்ப எடுத்து, எழுவாய் உயர்திணையா அஃறிணையா என்று மனிதக் கண்ணால் படித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்து முடித்தால், தீர்மானம் என்ற பொருளின் கீழ் ‘முடிவு எடு’, ‘முடிவு செய்’, உயர்திணை எழுவாயோடு ‘முடிவுக்கு வா’, ‘முடிவை மாற்று’, ‘முடிவைக் கைவிடு’ ஆகியவை அமையும். இறுதி என்ற பொருளின் கீழ் ‘முடிவு கட்டு’, அஃறிணை எழுவாயோடு ‘முடிவுக்கு வா’, ‘முடிவுக்குக் கொண்டுவா’ ஆகியவை அமையும். விளைவு என்ற பொருளின் கீழ் ‘முடிவு வெளியாகு’, ‘முடிவை வெளியிடு’ ஆகியவை வரும். ‘அறிவி’ மட்டும் தீர்மானத்திலும் விளைவிலும் ஒருங்கே நிற்கும்; தொல்காப்பியர் வினைவேறுபடாதது என்று தனியே பிரித்த வகை இத்தகையதே.

‘முடிவைச் செய்’ போன்ற, காது மறுக்கும் இணையைப் பட்டியலில் ‘வராது’ என்று குறிப்பதற்குத் தனிக் கவனம் தேவை. நம் தரவகத்தில் ‘முடிவை’ என்ற வடிவம் 150 முறை வருவதாக வைத்தால், அதை அடுத்து ‘செய்’ தற்செயலாக 3 முறை வர எதிர்பார்க்கலாம். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அது வலுவான சான்று அன்று. 3 எதிர்பார்க்கும் இடத்தில் 0 கிடைப்பது இருபதில் ஒரு முறை தானாகவே நிகழக்கூடியது. தரவகத்தைப் பத்து மடங்காக்கி, 30 எதிர்பார்க்கும் இடத்திலும் 0 என்றால், மொழியே அந்த இணையைத் தவிர்க்கிறது என்று கொள்ளலாம். அவ்வளவு பெரிய தரவகம் கையில் இல்லாதபோது, அந்த வாக்கியத்தைத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பத்துப் பேரிடம் தனித்தனியே படித்துக் காட்டி, அவர்கள் எந்தச் சொல்லில் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வதே எஞ்சியிருக்கும் வழி.