ஆதார் சீட்டின் மேல்வரியில் இருக்கும் 28 இலக்கங்கள்

ஆதார் மையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு நாளில் அதிகம் கேட்கப்படுவது, "என் கார்டு எப்போ வரும்?" என்பதுதான். உண்மையில் இதற்கு எங்களிடம் பதில் கிடையாது. உங்கள் விவரம், போட்டோ, கைரேகை, கருவிழிப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் அது எந்த நிலையில் இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதும் நீங்கள் வீட்டிலிருந்து பார்ப்பதும் ஒரே இணையதளத்தில்தான், ஒரே எண்ணை வைத்துத்தான். அந்த எண் நாங்கள் கையில் கொடுத்த ஒப்புகைச் சீட்டில் இருக்கிறது. கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சீட்டைக் கொண்டுவருவதில்லை. கொண்டுவருகிறவர்களிலும் பலருக்கு அதில் எது எண் என்று தெரிவதில்லை.

சீட்டின் மேல்பகுதியைப் பாருங்கள். இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே பிரிந்து ஒரு எண் இருக்கும்: முதலில் 4 இலக்கம், அப்புறம் 5, அப்புறம் இன்னொரு 5. மொத்தம் 14. இதைத்தான் எல்லோரும் பதிவு எண் என்று நினைக்கிறார்கள். ஆனால் இது பாதிதான். அதன் பக்கத்திலேயே தேதியும் நேரமும் நொடி உட்பட அச்சாகியிருக்கும். அதிலும் 14 இலக்கம். இரண்டும் சேர்ந்த 28 இலக்கம்தான் உங்கள் முழுப் பதிவு எண். திரையில் EID என்று கேட்பது இதைத்தான்.

ஒரு உதாரணத்துக்குக் கற்பனையாக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். சீட்டில் 0123/45678/00912 என்றும், தேதி 09/06/2025, நேரம் 11:04:07 என்றும் இருக்கிறது. இதை இணையதளத்தில் இப்படி அடிக்க வேண்டும்:

```
0123456780091220250609110407
```

சாய்கோடு, இடைவெளி, முக்காற்புள்ளி எதுவும் வேண்டாம். முதல் 14 இலக்கம் அப்படியே வரும். அடுத்ததில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். சீட்டில் நாள் முன்னால் இருந்தாலும் இங்கே வருடத்தை முன்னால் போட வேண்டும்: 2025, பிறகு மாதம் 06, பிறகு நாள் 09. அதன் பின் மணி, நிமிடம், நொடி. 4 நிமிடம் என்றால் வெறும் 4 இல்லை, 04. ஆரம்பத்தில் வரும் பூஜ்யத்தையும் விடக்கூடாது. "நம்பர் தப்புன்னு வருது சார்" என்று வருகிறவர்களின் சீட்டை வாங்கி அடித்துப் பார்த்தால், பெரும்பாலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் ஒரு பூஜ்யம் காணாமல் போயிருக்கும். அடித்து முடித்ததும் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். 28 வராவிட்டால் எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

பார்க்கும் இடம் myaadhaar.uidai.gov.in. அதில் Check Enrolment & Update Status என்பதைத் தொட்டு, இந்த எண்ணையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் கொடுத்தால் போதும். ஓடிபி கேட்காது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் ஆதாரில் கைபேசி எண்ணே இல்லாத ஒருவருக்கு, அல்லது பழைய சிம்மைத் தொலைத்துவிட்டு எண்ணை மாற்றக் கொடுத்திருக்கும் ஒருவருக்கு, ஓடிபி இல்லாமல் தன் விண்ணப்பத்தைப் பார்க்க இருக்கும் வழி இந்தச் சீட்டுதான்.

இன்னொரு குழப்பம் பழைய ஆதார் கடிதத்தால் வருகிறது. சில வருடங்களுக்கு முன் தபாலில் வந்த அந்தக் கடிதத்திலும் ஒரு பதிவு எண் அச்சாகியிருக்கும். முகவரி மாற்றக் கொடுத்தவர், புதுச் சீட்டை எங்கோ வைத்துவிட்டு, கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கொண்டுவந்து "இதுல பாருங்க" என்பார். அது முதன்முதலில் ஆதார் எடுத்தபோது கொடுத்த எண். உங்கள் 12 இலக்க ஆதார் எண் ஆயுசுக்கும் மாறாது. ஆனால் நீங்கள் மையத்துக்கு வந்து ஏதாவது ஒன்றைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் புதிய பதிவு எண் ஒன்று உருவாகிறது. எந்தத் திருத்தத்தின் நிலை வேண்டுமோ அந்தத் திருத்தத்தின் சீட்டுதான் வேண்டும். வீட்டில் நான்கு பேருக்குத் திருத்தம் செய்தால் சீட்டும் நான்கு. ஒவ்வொன்றின் பின்னாலும் யாருக்கு, எதற்கு என்று பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

சீட்டு தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மையத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா ஏழு வயதுப் பையனோடு வந்தார். பையனுக்குப் புதிதாக ஆதார் எடுத்திருக்கிறார்கள், "ரிஜெக்ட்" என்று வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. சீட்டு கையில் இருந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்தேன். நிராகரிப்புதான், ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்ற காரணத்தோடு. "இதுக்கு முன்னாடி எங்கேயாவது எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டேன். "எடுத்தோம் தம்பி. சீட்டு தொலைஞ்சு போச்சு, கார்டும் வரல. அதான் வேற மையத்துல புதுசா எடுத்துட்டோம்" என்றார்.

நடந்தது இதுதான். ஐந்து வயது தாண்டிய குழந்தைக்குக் கைரேகையும் கருவிழியும் எடுக்கிறோம். புதுப் பதிவு ஒன்று போனதும், அந்தக் கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே யாருக்காவது இருக்கிறதா என்று மொத்தத் தரவிலும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். பையனின் முதல் பதிவு நல்லபடியாக முடிந்து ஆதார் எண்ணும் உருவாகிவிட்டது. கடிதம்தான் வீடு வந்து சேரவில்லை. இரண்டாவது பதிவு போனபோது அதே கைரேகை அங்கே இருந்ததால் திருப்பிவிட்டது. மூன்றாவது மையத்துக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நிராகரிப்பைப் பார்த்து இன்னொரு தடவை எடுக்கலாம் என்றுதான் அந்த அம்மாவும் வந்திருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது முதல் பதிவின் எண். நல்லவேளையாக முதல் தடவை தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார், அந்த எண் இப்போதும் அவரிடமே இருந்தது. அதே இணையதளத்தில் Retrieve EID / Aadhaar Number என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் பெயர், கைபேசி எண் அல்லது மின்னஞ்சல் கொடுத்தால் ஓடிபி வரும். அதைப் போட்டதும் எண் குறுஞ்செய்தியில் வந்துவிடும். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. பெயரைப் பதிவில் இருப்பது போலவே அடிக்க வேண்டும். பையனின் பெயரை முதலில் இனிஷியல் இல்லாமல் போட்டோம், விவரம் பொருந்தவில்லை என்றது. இனிஷியலைப் பின்னால் சேர்த்துப் போட்டதும் ஓடிபி வந்தது. எண் கிடைத்த பிறகு இ-ஆதாரைப் பதிவிறக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கைபேசி எண் கொடுக்காமல் விட்டிருந்தால் இந்த வழி மூடிவிடும். அப்போது 1947 என்ற கட்டணமில்லாத எண்ணுக்கு அழைக்க வேண்டும், தமிழிலேயே பேசலாம். பெயர், பிறந்த தேதி, முகவரி, பின்கோடு என்று அவர்கள் கேட்பது பதிவோடு பொருந்தினால் எண்ணைத் தேட உதவுவார்கள். சீட்டு இருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை இது.

அதனால், நாங்கள் சீட்டை நீட்டியதும் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வரியில் உள்ள நொடி இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பு விழுவது சரியாக அந்த வரியில்தான்! கூடவே பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சரியா என்றும் படித்துவிடுங்கள். தப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஆனால் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சீட்டை மட்டும் வைத்து யாரும் உங்கள் ஆதாரைப் பதிவிறக்க முடியாது, அதற்கு ஓடிபி வேண்டும். ஆனாலும் உங்கள் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கிறது. பதிவு எண்ணைத் தெரிந்துகொண்டு ஓடிபிக்காக உங்களையே போனில் அழைப்பவனும் இருப்பான்.

சரி, எண்ணைப் போட்டாயிற்று. திரை சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது? அன்றைக்கே, மறுநாளே போட்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். பதறவேண்டாம். மையத்தில் எடுத்த தரவு பூட்டிய பொட்டலமாக ஆதார் ஆணையத்தின் தரவு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குச் சில நாள் விடுங்கள். அதன் பின் பரிசீலனையில் இருப்பதாகக் காட்டும். திருத்தத்துக்கு 90 நாள் வரை ஆகலாம் என்பது ஆணையமே சொல்லும் கணக்கு. பெரும்பாலும் அவ்வளவு ஆகாது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

நிராகரிப்பு என்று வந்தால் மையத்துக்கு ஓடிவருவதற்கு முன் காரணத்தைப் படியுங்கள். ஆவணம் சரியில்லை என்றால் வேறு ஆவணத்தோடு மறுபடி கொடுக்கலாம். அதற்குப் புதுச் சீட்டு, புது எண். அதே ஆவணத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் அதே பதில்தான் வரும், திருத்தத்துக்குக் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்காது. ஏற்கெனவே பதிவு இருக்கிறது என்றால் அந்தப் பையனின் கதைதான், பழைய எண்ணைத் தேடுங்கள்.

முடிந்தது என்று காட்டினால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இ-ஆதாரை அன்றைக்கே பதிவிறக்கலாம், தாளில் வரும் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு அதற்கும் உண்டு. கைபேசி எண்ணை மட்டும் மாற்றியவர்களுக்குக் கடிதமே வராது, குறுஞ்செய்தி மட்டும்தான். இது தெரியாமல் தபால்காரரை மாதக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மையத்துக்கு வராமல் இணையத்திலேயே முகவரியை மாற்றினாலோ, பிவிசி அட்டை கேட்டாலோ இந்த 28 இலக்க எண் வராது. அதற்குப் பதில் SRN என்று 14 இலக்கத்தில் ஒரு கோரிக்கை எண் வரும். பணம் கட்டியதும் திரையில் ரசீதோடு சேர்ந்து தெரியும். பலர் பணம் போனதற்கான வங்கிக் குறுஞ்செய்தியை வைத்துக்கொண்டு இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். வங்கியின் பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலையைப் பார்க்க முடியாது. ரசீதை அப்போதே பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பிவிசி அட்டை அனுப்பப்பட்ட பிறகு இதே SRN-ஐப் போட்டுப் பார்த்தால் தபால் எண்ணும் தெரியும். அதை அஞ்சல் துறையின் இணையதளத்தில் போட்டால் உறை எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பார்க்கலாம்.

90 நாள் தாண்டியும் பரிசீலனையிலேயே நின்றால் 1947-இல் புகார் கொடுங்கள். பேசத் தொடங்கியதும் முதலில் கேட்பது இந்தப் பதிவு எண்ணைத்தான். புகாருக்கும் ஒரு எண் தருவார்கள். அதைச் சீட்டின் பின்பக்கத்திலேயே தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை அழைக்கும்போது இரண்டு எண்ணும் வேண்டியிருக்கும்.