வேண்டாம் என்றால் கூடாதா, தேவையில்லையா?

கடைப் பலகை, கிளினிக் அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, செல்போனில் அனுப்பும் நினைவூட்டல், இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது என் தொழில். இருப்பது புதுச்சேரி என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் நாலு வரி, ஐந்து வரி சமாச்சாரம்தான். ஆனால் நாலு வரியில் ஒரு சொல் தப்பினால் மறைந்துகொள்ள அதற்கு இடமே இருக்காது.

போன வருடம் இங்கே ஒரு லேப்பிலிருந்து கூப்பிட்டார்கள். "அக்கா, எங்க மெசேஜைக் கொஞ்சம் பாருங்க. ஒரு அம்மா சண்டை போட்டுட்டுப் போறாங்க" என்றாள் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். அந்த அம்மா கடலூர் பக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தவர். அவர் சீட்டில் இரண்டு சர்க்கரைப் பரிசோதனைகள் இருந்தன. ஒன்று வெறும் வயிற்றில் பார்க்கும் ஃபாஸ்டிங் சுகர். மற்றது எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்வது. முன்தினம் இரவு லேப் அனுப்பிய மெசேஜில் இரண்டுக்கும் தனித்தனி வரி இருந்தது. முதல் வரி, "ஃபார் ஃபாஸ்டிங் சுகர் யூ மஸ்ட் கம் ஆன் எம்ப்டி ஸ்டமக்". இரண்டாவது வரி, "ஃபார் எச்பிஏ1சி யூ மஸ்ட் நாட் கம் ஆன் எம்ப்டி ஸ்டமக்".

வீட்டில் கல்லூரி படிக்கும் பேத்தி அதை வாசித்துச் சரியாகவே மொழிபெயர்த்திருக்கிறாள்: ஒன்றுக்கு வெறும் வயிற்றோடு வரணும், இன்னொன்றுக்கு வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டையும் எப்படிச் செய்வது? அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார். எச்பிஏ1சிக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஃபாஸ்டிங் சுகருக்கு இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். சண்டை வராமல் என்ன செய்யும்?

எச்பிஏ1சிக்குச் சாப்பிட்டிருந்தாலும் ஒன்றுதான், சாப்பிடாவிட்டாலும் ஒன்றுதான். காலையில் தின்ற இட்லி அந்த மூன்று மாதச் சராசரியை அசைக்காது. லேப் சொல்ல நினைத்தது, 'இதற்கு வெறும் வயிறு தேவையில்லை' என்பதை. சொன்னதோ, 'வெறும் வயிற்றோடு வந்தால் தப்பு' என்பதை.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். முதலில் மெசேஜைத் தமிழில் எழுதி, அப்புறம் அதை ஆங்கிலமாக்கியிருக்கிறார்கள். தமிழ் வரி இதுதான்: "எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டாம்."

வில்லங்கம் அந்த 'வேண்டாம்' என்ற சொல்லில்தான். தமிழில் அது இரண்டு வேலை பார்க்கிறது. "அந்தப் பக்கம் போக வேண்டாம், கரண்ட் கம்பி அறுந்து கிடக்கு" என்றால் அது தடை. "நீ வர வேண்டாம், நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்றால் அது சலுகை, வந்தாலும் யாரும் கோபிக்கப்போவதில்லை. பேச்சில் குரலும் முகமும் சூழ்நிலையும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். மெசேஜுக்குக் குரல் கிடையாது. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனிச் சொற்கள் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. தடைக்கு மஸ்ட் நாட். தேவையில்லை என்பதற்கு நீட் நாட் அல்லது டோன்ட் ஹேவ் டு.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது, நன்றாக ஆங்கிலம் படித்தவர்களும் விழுவது. மஸ்ட் என்றாலும் ஹேவ் டு என்றாலும் 'வேண்டும்' என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதுவும் ஏறக்குறைய சரிதான். 'யூ மஸ்ட் பிரிங் தி சீட்டு' என்றாலும் 'யூ ஹேவ் டு பிரிங் தி சீட்டு' என்றாலும் சீட்டு இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டும் ஒன்று என்றால் அவற்றின் எதிர்மறையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போடுகிறது. அங்கேதான் கணக்கு பிசகுகிறது. மஸ்ட் நாட்டில், நாட் என்பது செய்கிற காரியத்தை மறுக்கிறது: செய்யாமல் இருப்பதுதான் கட்டாயம். டோன்ட் ஹேவ் டுவில் அது கட்டாயத்தையே மறுக்கிறது: கட்டாயம் இல்லை, அப்புறம் உன் இஷ்டம். 'ஆம்' பக்கத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு சொற்கள் 'இல்லை' பக்கத்துக்கு வந்ததும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன.

எழுதி முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: செய்தால் தப்பா, செய்யாவிட்டால் தப்பா? செய்யாவிட்டால் தப்பு என்றால் மஸ்ட் அல்லது ஹேவ் டு. செய்தால் தப்பு என்றால் மஸ்ட் நாட். எப்படிச் செய்தாலும் தப்பில்லை என்றால் நீட் நாட். லேப்பின் வரியை இதில் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றோடு வந்தால் தப்பா? இல்லை. வராவிட்டால் தப்பா? அதுவும் இல்லை. ஆகவே நீட் நாட். அந்தப் பெண்ணுக்கு இது உடனே பிடித்துவிட்டது. இலக்கணம் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பாள்.

தமிழ் வரியையும் மாற்றினேன். என் வழக்கம், எழுத்தில் தடை என்றால் 'கூடாது', தடை இல்லை என்றால் 'தேவையில்லை' அல்லது 'வேண்டியதில்லை'. தனியாக நிற்கும் 'வேண்டாம்' பலகையில் ஏறவே ஏறாது. முடிந்தால் 'தேவையில்லை'யைக்கூட விட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று நேராகச் சொல்லிவிடுவேன். கடைசியில் லேப்பின் மெசேஜ் இப்படி ஆனது:

"ஃபாஸ்டிங் சுகர் எடுப்பவர்கள் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். எச்பிஏ1சி மட்டும் எடுப்பவர்கள் சாப்பிட்டுவிட்டும் வரலாம். இரண்டும் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில்தான் வர வேண்டும்."

ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'மஸ்ட் நாட் ஈட்', இரண்டாவதற்கு 'நீட் நாட் ஃபாஸ்ட்', மூன்றாவதற்கு 'மஸ்ட் ஃபாஸ்ட்'. அந்த மூன்றாவது வரிதான் முதல் மெசேஜில் அடியோடு விடுபட்டிருந்தது. சீட்டில் இரண்டும் இருந்தால் கடுமையான விதிதான் செல்லும் என்பது லேப்காரர்களுக்குத் தெரியும், படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை மாத்திரை போடலாமா கூடாதா என்பதையும் ஒரு வரியில் சேர்க்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவர் சொல்ல வேண்டியது. 'மருத்துவரைக் கேளுங்கள்' என்று போட்டோம்.

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தா இருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பிரெஞ்சில் 'இல் ஃபோ' என்றால் 'வேண்டும்', ஆனால் 'இல் ந ஃபோ பா' என்றால் 'தேவையில்லை' இல்லை, 'கூடாது' என்றார். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'தேவையில்லை' என்றுதான் வரவேண்டும். தேவையில்லை என்று சொல்ல அவர்களுக்கு வேறு வாக்கியம் உண்டாம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனவரும் நம் வேண்டாம்காரரைப் போலவே சறுக்குவார்.

இனி மஸ்டுக்கும் ஹேவ் டுவுக்கும் உள்ள வித்தியாசம். மேலே 'ஏறக்குறைய' என்று சொன்னேனே, அந்த மிச்சம் இதுதான். மஸ்ட் என்றால் சொல்கிறவரே கட்டளையிடுகிறார். ஹேவ் டு என்றால் கட்டளை வெளியே எங்கோ இருக்கிறது, சொல்கிறவர் அதைத் தெரிவிக்கிறார். தமிழிலும் இது இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. "வந்தாக வேண்டும்" என்று சொல்பவர் அதிகாரத்தோடு சொல்கிறார். "வர வேண்டியிருக்கும்" என்பவர் நிலைமையைச் சொல்கிறார். சுவரில் மாட்டும் விதிக்கு மஸ்ட் பொருத்தம், ஏனென்றால் அங்கே விதி போட்ட இடமே பேசுகிறது. அதே விதியைப் போனில் ஒரு சின்னப் பெண் ஒரு பெரியவரிடம், "யூ மஸ்ட் பே தி பேலன்ஸ்" என்றால் அதட்டுவது போல் கேட்கும். "யூ வில் ஹேவ் டு பே" என்றால் விதி லேப்புடையது, அவள் மேல் கோபம் வராது. இது மரியாதைக் கணக்கு. மாற்றிப் போட்டாலும் யாரும் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்கப்போவதில்லை.

நேற்றைய கட்டாயத்தைச் சொல்லும்போது மட்டும் ஜாக்கிரதை. மஸ்டுக்கு அந்த இறந்தகாலம் கிடையாது. ஹேட் டுதான். விடுப்புக் கடிதத்தில் "ஐ மஸ்ட் ஹேவ் கான் டு தி ஹாஸ்பிட்டல் யெஸ்டர்டே" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். 'நேற்று நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் போலிருக்கு' என்று அர்த்தம்.

நீட் நாட்டுக்குப் பின்னால் 'டு' வராது: 'நீட் நாட் கம்'. 'டோன்ட் நீட்' என்றால் 'டு' வரும்: 'டோன்ட் நீட் டு கம்'. இரண்டையும் கலந்து 'நீட் நாட் டு கம்' என்று எழுதுவது நம் ஊர்ப் பலகைகளில் சகஜம். பொருள் கெடாது, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பொருளையே கெடுப்பது 'ஆல்' என்ற சொல். "ஆல் பேஷன்ட்ஸ் நீட் நாட் ஃபாஸ்ட்" என்றால் யாருமே பட்டினி இருக்க வேண்டாமா, எல்லோரும் இருக்க வேண்டியதில்லை சிலர் மட்டும் இருக்க வேண்டுமா? இரண்டு மாதிரியும் படிக்கலாம். தமிழில் 'எல்லோரும்' போட்டாலும் இதே கதிதான். யார் யார் என்று பெயர் சொல்லி எழுதுவது ஒன்றே வழி.

அப்புறம், போனில் 'மஸ்ன்ட்' என்று சுருக்கிச் சொல்லாதீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். அதில் நடுவில் உள்ள 'ட்' ஒலிப்பதில்லை, கடைசி 'ன்ட்' இரைச்சலில் கரைந்துபோனால் கேட்பவருக்கு 'மஸ்ட்' மட்டும்தான் மிஞ்சும். மஸ்ட், நாட் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லச் சொன்னேன்.

மெசேஜ் சரியானதும் அதையே ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் மாட்டினார்கள். போய்ப் பார்த்தேன். இடம் பத்தாமல் அடித்தவர் 'யூ மஸ்ட்' என்பதை மேல் வரியில் பெரிதாகவும், 'நாட் ஈட்' என்பதைக் கீழே மூலையில் சின்னதாகவும் போட்டிருந்தார். தூரத்திலிருந்து 'மஸ்ட்' மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டேன்.